நூறு வினாக்களின் சோம்பல்

மட்டாஞ்சேரியைப் போல மொழியியல் மாணவரை ஈர்க்கும் களம் தென்னிந்தியாவில் அரிது. நடந்தே கடந்துவிடக்கூடிய பரப்புக்குள் மலையாளத்தோடு கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் தக்கனியும் தமிழும் வழங்குகின்றன. திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றிக் கொங்கணி கேட்கும். குஜராத்தி சாலையில் குஜராத்தி கேட்கும். சற்றே தள்ளி, ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியிலுள்ள தோபி கானாவில், துணி துவைக்கும் வண்ணார் குடும்பங்களின் தமிழ் கேட்கும். ஆகவே ஆண்டுதோறும் மாணவர்கள் வருகிறார்கள். அவர்கள் கையில் வினாநிரல் இருக்கிறது. அந்த வினாநிரல் பெரும்பாலும் மிக நீளமானது.

பெயர், வயது, பால், மதம், சாதி, தொழில், மாத வருமானம், கல்வி, பிறந்த ஊர், தந்தையின் ஊர், தாயின் ஊர் என்று அது தொடங்கும். பிறகு மனைவியிடம் எம்மொழி, மகனிடம் எம்மொழி, கோயிலில் எம்மொழி, வங்கியில் எம்மொழி, கனவில் எம்மொழி என்று ஓர் அட்டவணை வரும். இறுதியில் மனப்பாங்கு பற்றிய இருபது கூற்றுகளுக்கு ஐந்து கட்டங்களில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். எண்ணிப் பார்த்தால் நூறைத் தொடும். இந்த நீளத்தை ஆய்வின் உழைப்புக்குச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் துறைகளில் வேரூன்றிவிட்டது. நெறியாளர் ஒரு வினாவைச் சேர்க்கச் சொல்வார். ஆய்வுக் குழுவினர் இன்னொன்றைச் சேர்க்கச் சொல்வார். நீக்கச் சொல்வாரைக் காண்பது அரிது. உண்மையில் நீண்ட வினாநிரல் சோம்பலின் சான்று. எது தேவை என்று ஆய்வாளர் முடிவு செய்யாமல் விட்ட வேலையை, ஈரத் துணியைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் தலையில் அது சுமத்துகிறது.

குறைவாகக் கேட்பதே நல்லது என்பது இதன் பொருளன்று. குறைவாகக் கேட்டுக் கெட்டதற்கு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பே எடுத்துக்காட்டு. 2011 கணக்கெடுப்பில் தாய்மொழி பற்றி ஒரே வினா இருந்தது. அதற்கு நாடு முழுவதும் கிடைத்த வெவ்வேறு பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து, ஒப்பிட்டு, 1,369 தாய்மொழிகளாக ஒழுங்குசெய்தார்கள். பின்னர் அவற்றைத் தொகுத்து 121 மொழிகளாக அறிவித்தார்கள். மக்கள் ஊர்ப் பெயரையும் சாதிப் பெயரையும் தொழிற்பெயரையும்கூட மொழிப்பெயராகச் சொல்லக்கூடும். கணக்கெடுப்பாளர் வாயிற்படியில் இன்னொரு தெளிவு கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் ஐயங்கள், அலுவலகத்தில் ஊகத்தால் தீர்க்கப்பட்டன.

மட்டாஞ்சேரியிலும் இதே சிக்கல் உண்டு. ஒருவர் "கொங்கணி" என்று விடை சொன்னதும் எழுதி முடித்துவிட்டால், கௌட சாரஸ்வதரின் பேச்சும் குடும்பி சமூகத்தாரின் பேச்சும் ஒரே கட்டத்துக்குள் போய்விடும். இரண்டும் கோவாவிலிருந்து தெற்கே வந்த கொங்கணியே. ஆயினும் ஒரே வகையல்ல. இங்கே இரண்டாவது வினா ஒன்று கட்டாயம் தேவை. அதற்கு அடுத்த தொண்ணூற்றெட்டும் தேவையா என்பதே வழக்கு.

எத்தனை வினா மிகை என்பதற்கு எண்ணாக ஒரு விடை இல்லை. ஒவ்வொரு வினாவையும் சோதிக்க ஒரு முறை உண்டு. வினாவுக்கு எதிரே, வரக்கூடிய இரண்டு மாறுபட்ட விடைகளை எழுத வேண்டும். ஒவ்வொரு விடைக்கும் எதிரே, அது வந்தால் ஆய்வாளர் அடுத்து என்ன செய்வார் என்று எழுத வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே செயல் வந்தால் அந்த வினா களத்துக்குப் போகத் தகுதியற்றது. மாத வருமானம் பதினைந்தாயிரம் என்றாலும் இருபத்தைந்தாயிரம் என்றாலும் அதே ஒலிப்பதிவு, அதே பகுப்பாய்வு, அதே அட்டவணை என்றால், அந்த வினா எதற்கு? "பின்னால் பயன்படலாம்" என்பது இந்தச் சோதனையில் செல்லாத விடை.

ஒரு நிலைமையைக் கற்பனை செய்து முழுமையாகப் பார்க்கலாம். கொச்சித் தமிழில் மலையாளத்தின் தாக்கம் தலைமுறைதோறும் எவ்வாறு மாறுகிறது என்பது ஆய்வு. கவனிக்க வேண்டிய கூறு ஒன்றே: வினைமுற்றின் விகுதி. தமிழில் வந்தேன், வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று வினையே ஆளைக் காட்டும். மலையாளத்தில் எல்லாருக்கும் "வந்நு" ஒன்றே. மலையாளச் சூழலில் தலைமுறைகளாக வாழும் தமிழரின் பேச்சில் இவ்விகுதி நிலைத்திருக்கிறதா, தளர்கிறதா என்று அறிய வேண்டும்.

களம் தோபி கானா. டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் சீருடை துவைப்பதற்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் என்பது அங்குள்ளோர் சொல்லும் வரலாறு. தொட்டிகளில் துவைத்து, கஞ்சியிட்டு, முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகி உலர்த்துவார்கள், கிளிப் தேவையில்லை. துணி காயும் வரை கிடைக்கும் இடைவேளைதான் ஆய்வாளருக்குக் கிடைக்கும் நேரம். மேகம் கறுத்தால் அதுவும் போயிற்று. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி பேச இசைகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இருப்பது இருபது நிமிடம். ஆய்வாளரிடம் அவரைப் பற்றி ஏறத்தாழ எந்தத் தகவலும் இல்லை: வயது, பிறந்த ஊர், பெற்றோரின் ஊர், பள்ளி, எழுத்தறிவு, கணவரின் மொழி, பிள்ளைகளின் மொழி, வாடிக்கையாளரிடம் பேசும் மொழி, தமிழகத்துக்குப் போய்வரும் வழக்கம், சாதி, வருமானம், தமிழ் மீதான பற்று என்று பன்னிரண்டு வெற்றிடங்கள்.

முதலில் கேட்காமலே நிரம்புபவற்றை நீக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் எம்மொழி என்பதை அரை நாள் அங்கே அமர்ந்தால் காதாலே அறியலாம். அவர் சொல்லும் விடையைவிட அது நம்பத்தக்கது. வயதைப் பத்தாண்டு இடைவெளியில் மதிப்பிட்டு வைத்துக்கொண்டு விடைபெறும்போது சரிபார்க்கலாம். சாதியைக் கேட்பது தேவையற்றது மட்டுமன்று, தீங்கானது. அங்கே தொழிலின் பெயரும் சமூகத்தின் பெயரும் ஒன்று. அதை ஓர் அந்நியர் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்டால், அதன் பிறகு வரும் தமிழ் எச்சரிக்கையோடு திருத்திய தமிழாக இருக்கும். எந்த விகுதியை அளக்க வந்தாரோ அந்த விகுதியை ஆய்வாளர் தம் வினாவாலேயே மாற்றிவிடுவார்.

அடுத்து, முன்னர்ச் சொன்ன சோதனை. வருமானம் விழுந்துவிடும். தமிழ்ப்பற்று விழுந்துவிடும், அது வேறோர் ஆய்வின் பொருள். கணவரின் மொழியும் பெற்றோரின் ஊரும் பயனுடையவை, ஆனால் ஒலிப்பதிவு தொடங்குமுன் தெரிந்தாக வேண்டியவை அல்ல. எஞ்சி நிற்பவை மூன்று.

முதலாவது: "அக்கா, சின்ன வயசுல, ஒரு பத்து வயசு வரைக்கும் நீங்க எங்க வளர்ந்தீங்க?" இது வாயில்காக்கும் வினா. அவர் திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்து திருமணத்தால் கொச்சிக்கு வந்தவர் என்றால், அவருடைய விகுதிகள் கொச்சித் தமிழின் வரலாற்றைச் சொல்லமாட்டா. அவரை விலக்க வேண்டியதில்லை. வேறு பிரிவில் வைக்க வேண்டும். இந்த ஒரு விடை தெரியாமல் சேகரித்த பத்து மணி நேர ஒலிப்பதிவும் தவறான கட்டத்தில் போய் அமரும். "சொந்த ஊர் எது?" என்று இதையே கேட்டால் பயனில்லை. மூன்று தலைமுறைக்கு முன் விட்டுவந்த ஊரைச் சொந்த ஊர் என்று சொல்வது தமிழரின் வழக்கம்.

இரண்டாவது: "வீட்டுல பிள்ளைங்ககிட்ட எந்த பாஷையில பேசுவீங்க? அவங்க எதுல பதில் சொல்லுவாங்க?" இரண்டு பகுதிகளும் சேர்ந்தே ஒரு வினா. தாய் தமிழில் கேட்க, மகள் மலையாளத்தில் விடையளிக்கும் வீடு உண்டு. அப்படியானால் அடுத்த தலைமுறையின் தமிழைப் பதிவுசெய்யும் திட்டமே மாறும். தலைமுறை ஒப்பீட்டுக்கு ஆள் கிடைப்பாரா இல்லையா என்பதை இவ்விடை முடிவுசெய்கிறது.

மூன்றாவது: "எழுதப் படிக்க எந்த பாஷையில கத்துக்கிட்டீங்க?" தமிழ் எழுத்து கற்றவருக்குப் பாடநூலின் விகுதி நினைவில் இருக்கும், கல்லாதவருக்கு வீட்டுப் பேச்சே ஆதாரம். படித்துக் காட்டச் சொல்லலாமா, படத்தைக் காட்டிக் கதை சொல்லச் செய்ய வேண்டுமா என்பதும் இதனால் முடிவாகும்.

இந்த மூன்றுக்கும் நான்கு நிமிடம் போதும். பிறகு ஒலிப்பதிவு. நேற்று நடந்ததைச் சொல்லச் செய்தால் தன்மையும் படர்க்கையும் இறந்தகால வினைகளும் தாமே வரும். கணவரின் மொழி, பெற்றோரின் ஊர், திருவிழாவுக்குத் தமிழகம் போய்வருவது ஆகியவை கதையிலேயே பாதி வந்துவிடும். வராதவற்றுள் முதன்மையான இரண்டை இறுதியில் கேட்கலாம். மற்றவை ஒலிப்பதிவைக் கேட்டு முடித்தபின் அடுத்த வருகைக்கு. மூன்று முன்னால், இரண்டு பின்னால் என்ற எண்ணிக்கை இந்த ஆய்வுக்கு உரியது. வேறோர் ஆய்வுக்கு ஏழாகலாம். ஆனால் அந்த ஏழையும் இதே வழியில் ஒவ்வொன்றாக நியாயப்படுத்தியாக வேண்டும்.

முதன்மை வரிசையும் கேட்கும் வரிசையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு வினா தன் பின்னால் வருவதன் விடையைச் சாய்க்கக்கூடும். 2011 கணக்கெடுப்புப் படிவத்தில் மதம் ஏழாவது வினா, பட்டியல் சாதி அல்லது பழங்குடி எட்டாவது, தாய்மொழி பத்தாவது. மதத்தைச் சொல்லிய வாய் சூடாறுமுன் மொழியைச் சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரியில் தக்கனி பேசும் ஒருவர் மதத்தைச் சொன்ன கையோடு மொழியைக் கேட்டால், வீட்டில் பேசுவதைச் சொல்வாரா, தம் சமூகத்துக்கு உரியதென்று கருதும் உருதுவைச் சொல்வாரா? இப்படிச் சாயக்கூடிய வினாக்களில், சாய்க்கப்படக்கூடியது முதலிலும் சாய்ப்பது பின்னும் வர வேண்டும். மனத்தைப் புண்படுத்தக்கூடியது, தவிர்க்க முடியாததாயின், கடைசியில் வர வேண்டும்.

வெற்றிடங்களை ஊகத்தால் நிரப்பி, இறுதியில் ஒரே தொடரில் உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வர்: "நீங்க இங்கேயே பிறந்தவங்க, வீட்டுல தமிழ்தான், அப்படித்தானே?" நேரம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் விருந்தினரிடம் "ஆமாம்" என்று சொல்வது மரியாதை. தமிழ் தேடி வந்தவரிடம் "வீட்டில் தமிழ்தான்" என்பது அதைவிடப் பெரிய மரியாதை. வயது, தெரு, பிள்ளைகளின் எண்ணிக்கை போன்ற, யாரையும் மகிழ்விக்கும் தேவையில்லாத தகவல்களுக்கு மட்டுமே இந்த முறை பொருந்தும். மொழி பற்றிய வினாவைத் திறந்த வினாவாகவே கேட்க வேண்டும்.

வினாக்கள் எல்லை கடந்துவிட்டன என்பதைக் களத்திலேயே அறியலாம். முதற்குறி விடைகள் ஒரே வடிவத்துக்குச் சுருங்குவது. கோயிலில், கடையில், வீட்டில், மருத்துவமனையில் என்று நான்கு இடங்களைக் கேட்டால் நான்குக்கும் "எல்லாம் தமிழ்தான்" என்று வரும். இரண்டாவது குறி, பக்கத்தில் இருப்பவர் அவருக்காக விடை சொல்லத் தொடங்குவது. மூன்றாவது, மொழியியலாருக்கே உரியது: விடையளிப்பவரின் பேச்சு கேட்பவரின் பேச்சை ஒத்துப்போகத் தொடங்கும். நீளமான நேர்காணலின் இறுதியில் கிடைக்கும் தமிழ் தோபி கானாவின் தமிழன்று. ஆய்வாளருடைய தமிழின் எதிரொலி. களைப்பா, வினாவின் குறையா என்ற ஐயம் வந்தால் முன்னோட்ட ஆய்வில் பாதிப் பேருக்கு வினாக்களை நேராகவும் மீதிப் பேருக்குத் தலைகீழாகவும் கேட்டுப் பார்க்கலாம். "தெரியாது" என்ற விடை குறிப்பிட்ட வினாவோடு இடம்பெயர்ந்தால் குறை வினாவில். எந்த வினா கடைசியில் நின்றாலும் அங்கேயே "தெரியாது" பெருகினால் குறை நீளத்தில்.

நீண்ட வினாநிரலுக்கு ஆதரவான வாதங்களுள் வலுவானது ஒன்று உண்டு: பயன் இன்று தெரியாத தரவு நாளை பயன்படும், மறுபடி களத்துக்குப் போக வாய்க்காது. இதற்கு வரலாறு விடை சொல்கிறது. ஜெர்மனியில் கியோர்க் வெங்கர் 1876இல் தொடங்கிய ஆய்வு, விரைவில் நாற்பது வாக்கியங்களில் நிலைபெற்றது. அவற்றை ஊர்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு அஞ்சலில் அனுப்பி, உள்ளூர்ப் பேச்சில் எழுதித் தரச் சொன்னார். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து விடை வந்தது. பிரான்சில் ழில்லியெரோனின் நிலப்படத்துக்காக எட்மோன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வினாக்களோடு நேரில் போனார்; 1897 முதல் 1901 வரை அவர் அடைந்த ஊர்கள் 639. எட்மோனின் ஒலிக்குறிப்பில் இருந்த நுட்பம் ஆசிரியர்களின் எழுத்தில் இல்லை என்பது உண்மை. ஆனால் இருவரும் தம் நீளத்துக்கு என்ன விலை கொடுத்தனர் என்பது வெளிப்படை. வெங்கர் ஒலி நுட்பத்தை இழந்து பரப்பைப் பெற்றார். எட்மோன் பரப்பை இழந்து நுட்பத்தைப் பெற்றார். இன்றைய ஆய்வேட்டின் நூறு வினாக்கள் முப்பது பேரோடு நின்று, ஒலிக்குறிப்பும் இல்லாமல் முடியும்போது எதைப் பெற்றன?

மறு முனையில் இருப்பது 1962இல் வில்லியம் லபோவ் நியூயார்க்கின் மூன்று பல்பொருள் அங்காடிகளில் செய்த ஆய்வு. சொல்லின் இறுதியிலும் மெய்க்கு முன்னும் வரும் ரகரத்தை யார் ஒலிக்கிறார்கள் என்பது அவருக்கு வேண்டியது. நான்காம் தளத்தில் இருப்பதாக முன்பே தெரிந்த பொருள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். விடை வந்ததும் காதில் விழாதவர் போல மீண்டும் சொல்லச் செய்தார். 264 பேர். பால், ஏறத்தாழ வயது, பணி, அங்காடி ஆகியவற்றைக் கேட்காமல் பார்த்தே குறித்தார். உயர்ந்த அங்காடியான சாக்ஸில் 62 விழுக்காட்டினரும் மலிவான க்ளைனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினரும் ரகரத்தை ஓரளவேனும் ஒலித்தனர். அவர்கள் எங்கே வளர்ந்தவர்கள் என்பது அவருக்குத் தெரியாது. அது பெரிய குறைதான். அதே நகரில் நீண்ட நேர்காணல்களையும் தனியே நடத்தினார். எந்தத் தகவலை விட்டுக்கொடுக்கிறோம் என்று அறிந்து விட்டுக்கொடுத்தார், எழுதியும் வைத்தார்.

துறைகள் செய்ய வேண்டிய மாற்றம் சிறிது. வினாநிரலை ஒப்புதலுக்கு வைக்கும்போது ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே மூன்று பத்திகள் நிரம்பியிருக்க வேண்டும்: விடை எதை மாற்றும், கேட்காமல் அறிய வழி உண்டா, இப்போதே கேட்க வேண்டுமா. மூன்றையும் நிரப்ப இயலாத வினாவை நெறியாளர் அடித்துவிட வேண்டும். அந்த அடித்தலுக்கு ஆய்வேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, கேட்காமல் விட்டவை எவை, ஏன் என்று மாணவரே எழுத வேண்டும். நூறு வினாக்களின் பின்னிணைப்பைவிட அந்த ஒரு பக்கம் அவருடைய பயிற்சியைத் தெளிவாகக் காட்டும். தோபி கானாவின் கயிற்றில் துணி காய எடுக்கும் நேரம் எந்த ஆய்வுக் குழுவின் தீர்மானத்தாலும் நீளப்போவதில்லை.